இரண்டு பக்க அறிக்கை

போன ஆவணியில் எங்கள் பால் சங்கத்துச் செயலாளர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். உறுப்பினர் கூட்டத்தில் படிக்க இரண்டு பக்கத்தில் ஒரு சின்ன அறிக்கை வேண்டும். “வேலி மசால் போட்டா காத்துல இருக்கிற தழைச்சத்தை இழுத்துக் கொடுக்கும், யூரியா செலவு கொறையும்னு சொல்றாங்க தம்பி. அது எப்படின்னு நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடு. நீதான் கம்ப்யூட்டர்லயே ஒக்காந்திருக்கியே.”

கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருப்பதற்கும் வேர்முடிச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. ஒரே இரவில் எழுதிக் கொடுத்தேன். பயறு வகைச் செடியின் வேர்முடிச்சில் ரைசோபியம் என்ற பாக்டீரியா வாழ்கிறது, அது காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது, மேய்ச்சல் நிலத்தில் புல்லோடு பயறு வகையைச் சேர்த்து வளர்த்தால் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் கிடைக்கும், அதைப் புல் எடுத்துக்கொள்ளும், ஆகவே யூரியாவை நிறுத்தலாம். கூட்டத்தில் கைதட்டினார்களாம்.

அந்த அறிக்கையில் முதல் மூன்று விஷயங்கள் சரி. நான்காவது பாதி சரி. கடைசியில் வரும் ‘ஆகவே’ முழுத் தப்பு. அது தப்பு என்று தெரிவதற்கு ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அதை நம்பி யூரியாவை நிறுத்தியவர் என் அப்பா.

அப்பா காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றதும் கையில் வந்த பணத்தில் இரண்டு கறவை மாடுகள் வாங்கினார். இப்போது ஒரு கிடேரியும் இருக்கிறது. தொழிற்பேட்டையைத் தாண்டி எங்களுக்கு ஐம்பது சென்ட் நிலம் உண்டு. அதில் மூன்று வரிசை கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கோ 4 ரகம், ஒரு வரிசை வேலி மசால் என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். அப்படிப் போடச் சொல்வது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைதான். வேலி மசால் விதையின் தோல் கடினமானது, 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, பிறகு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தால்தான் நன்றாக முளைக்கும். மற்றவர்கள் கொதித்த தண்ணீரை இறக்கிவைத்துக் குத்துமதிப்பாகச் செய்வார்கள். அப்பா பட்டறையிலிருந்து பழைய தெர்மோகப்பிள் ஒன்றை வாங்கி வந்து 80 டிகிரியை அளந்தார். முளைப்பு பிரமாதம்.

அதுவரை ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் அரை மூட்டை யூரியா போடுவார். வருடத்துக்கு ஏழெட்டு அறுப்பு. புரட்டாசி அறுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். “என் பையன் எழுதியிருக்கான்” என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் தெரியவில்லை. தண்ணீர் தேங்கினால் பயிர் வெளுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். தை மாதம் வெயில் வந்த பிறகும் புல்லின் நிறம் திரும்பவில்லை. அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி நடு நரம்பு வழியாகக் கீழே இறங்கின. தழைச்சத்துக் குறைவு அப்படித்தான் முதலில் கிழட்டு இலையில் தெரியும், ஏனென்றால் செடி அங்கிருந்து உருவித் தளிருக்கு அனுப்புகிறது. தினமும் எழுபத்தைந்து கிலோ புல் கொடுத்த இடம் ஐம்பதைத் தொடவே திணறியது. அப்பா வைக்கோல் வாங்கிப் போட்டார். பால் இறங்கியது. அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அம்மாதான் போனில் சொன்னாள். “உன்னைக் கேக்கக் கூச்சப்படறாருடா.”

சனிக்கிழமை ஊருக்குப் போய் நேராக நிலத்தில் இறங்கினேன். வேர்முடிச்சைப் பற்றி எழுதியிருந்தேனே தவிர ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலி மசால் செடி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வெறும் வேர் வந்தது. இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். சுற்றிலும் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைக்க வேண்டும். அப்படிச் செய்தபோது நாலு செடியில் மொத்தம் ஏழெட்டு முடிச்சு தேறியது. கடுகு அளவு. நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளை.

பிறகு வரப்பில் அம்மா போட்டிருந்த காராமணிச் செடி ஒன்றை அதே மாதிரி எடுத்தேன். மிளகைவிடப் பெரிய முடிச்சுகள், ஆணிவேரை ஒட்டிக் கொத்துக் கொத்தாக. கீறினால் உள்ளே பச்சை இறைச்சி மாதிரி சிவப்பு. விரலில் ஒட்டியது. அப்பா எட்டிப் பார்த்து, “ரத்தமாடா இது?” என்றார்.

ஏறக்குறைய அதேதான். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் அது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றிலுள்ள நைட்ரஜனை உடைக்கும் நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். அந்த நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். சும்மா கொஞ்சம் அல்ல, ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்கக் குறைந்தது 16 ஏடிபி செலவாகிறது, அவ்வளவு சக்திக்கும் சர்க்கரையை எரித்தாக வேண்டும். அதனால் செடி முடிச்சுக்குள் இந்தச் சிவப்புப் புரதத்தை நிரப்பி வைத்திருக்கிறது. அது ஆக்ஸிஜனைப் பிடித்து, அளந்து அளந்து பாக்டீரியாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. தனியாக உலவுகிற ஆக்ஸிஜன் மிக மிகக் குறைவாகவே இருக்கும். சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளை என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது உள்ளே இருக்கும் பாக்டீரியா அந்தச் செடிக்கு உதவாதது. பச்சை, பழுப்பு என்றால் வேலை முடிந்து கிழடாகிவிட்டது.

இதைச் சொன்னபோது அப்பா உடனே பிடித்துக்கொண்டார். அவர் பட்டறையில் செய்த வேலையே நைட்ரைடிங். கியர், ஷாஃப்ட் போன்ற எஃகு உருப்படிகளை மூடிய உலையில் வைத்து, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அம்மோனியாவை உள்ளே விடுவார்கள். சூடான இரும்பின் மேல் அம்மோனியா உடைந்து நைட்ரஜன் அணு எஃகுக்குள் இறங்கும், மேல்தோல் கெட்டிப்படும். “காத்தை மொதல்ல வெளிய தள்ளணும். உள்ள காத்து இருக்கறப்போ அம்மோனியா விட்டா வெடிச்சுரும்” என்றார். “இது என்னடான்னா வேர்ல ஒரு கடுகுக்குள்ள சிலிண்டர், உலை, காத்துத் தடுப்பு எல்லாத்தையும் வெச்சிருக்கு.” அவர் உலை அம்மோனியாவை உடைக்கிறது, முடிச்சு அதைச் செய்கிறது, திசைதான் வேறு. அதே அம்மோனியாவை மணலியில் உர ஆலையில் செய்யப் பெரிய அழுத்தமும் நானூறு டிகிரிக்கு மேல் சூடும் வேண்டியிருக்கிறது.

சரி, காராமணியில் சிவப்பு, வேலி மசாலில் வெள்ளை. ஏன்? எனக்குத் தெரிந்த தொழில் பிழை தேடுவது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன்.

முதல் சந்தேகம் யூரியா. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுக்குச் சர்க்கரை செலவழிக்காது. கடையில் இட்லி கிடைக்கும்போது மாவு ஆட்டுவது யார்? ஆனால் இங்கே யூரியா போட்டு நாலு மாதம் ஆகிவிட்டது, மழை வேறு கழுவிவிட்டது, பக்கத்திலிருக்கும் புல்லே பட்டினி கிடக்கிறது. அது இல்லை. இரண்டாவது, அறுப்பு. தழையை வெட்டியதும் சர்க்கரை வரத்து நிற்கும், முடிச்சின் வேலை படுத்துவிடும், மறுபடி தளிர்த்து இலை விரிந்த பிறகுதான் எழும். அதனால் அறுத்த வாரத்தில் தோண்டிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாங்கள் தோண்டியது அறுப்பு நடந்து ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து. அதுவும் இல்லை. மண்ணில் மணிச்சத்துக் குறைவா என்றால், அதே மண்ணில்தான் காராமணியும் நிற்கிறது.

மிச்சம் ஒன்றுதான். அந்த மண்ணில் பாக்டீரியா இருக்கிறது, ஆனால் அது வேலி மசாலுக்கு வேண்டிய பாக்டீரியா இல்லை.

இந்தப் பொருத்தம் பார்க்கும் விஷயம் நாம் நினைப்பதைவிடக் கறாரானது. வேர் ஒருவித ஃபிளேவனாய்டு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது, அதை அடையாளம் காணும் பாக்டீரியா பதிலுக்குத் தன் சமிக்ஞையை அனுப்புகிறது, அதைச் செடி ஏற்றுக்கொண்டால்தான் வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடும். காராமணி யாரோடும் ஒத்துப்போகிற ரகம், அதன் பாக்டீரியா நம் ஊர் மண்ணில் பெரும்பாலும் இருக்கும். முயல் மசாலும் அநேகமாக அந்தக் கூட்டத்தையே ஏற்றுக்கொள்ளும். வேலி மசால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, அதற்குத் தனி இனம் வேண்டும். அப்பா விதைக்கும்போது ரைசோபியம் பொட்டலம் வாங்கிக் கஞ்சியில் கலந்துதான் போட்டிருக்கிறார். காலிப் பொட்டலம் கொட்டகையில் செருகியிருந்தது, எடுத்துப் பார்த்தேன். நிலக்கடலைக்கானது. போதாக்குறைக்கு அதை வண்டிப் பெட்டியில் வைத்து ஒரு பகல் முழுக்க வெயிலில் சுற்றியிருக்கிறார். உயிருள்ள சரக்கு அது, நிழலிலும் குளிர்ச்சியிலும் இருக்க வேண்டும்.

1886இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இந்த முடிச்சின் வேலையைக் கண்டு சொன்னதற்கே இப்படி ஒரு குழப்பம்தான் காரணம். தழைச்சத்து இல்லாத மணலில் ஓட்ஸும் பட்டாணியும் வளர்த்தார்கள். ஓட்ஸ் ஒழுங்காக, போட்ட நைட்ரேட்டின் அளவுக்கு வளர்ந்தது. பட்டாணி மட்டும் ஒரே மணலில் ஒரு தொட்டியில் செழித்தது, பக்கத்துத் தொட்டியில் செத்தது. மணலைச் சூடாக்கிக் கிருமி நீக்கினால் எல்லாத் தொட்டியிலும் வாடியது. கொஞ்சம் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றியதும் எழுந்தது. தூசியோடு தற்செயலாக விழுந்த பாக்டீரியாதான் வித்தியாசம். இரண்டு வருடம் கழித்து பெயரின்க் அதைப் பிரித்தெடுத்தார்.

நாங்களும் அந்த வயல் மண் வைத்தியத்தைத்தான் செய்தோம். என் நண்பன் ஒருவனின் மாமனார் தோட்டத்தில் நாலு வருடமாக வேலி மசால் நன்றாக நிற்கிறது. அங்கே முதலில் ஒரு செடியைத் தோண்டி, முடிச்சு சிவப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, வேரடி மண் இரண்டு மூட்டை எடுத்து வந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு வரிசையோரம் சின்னக் கால் எடுத்து மண்ணைப் போட்டு மூடித் தண்ணீர் கட்டினோம். பங்குனிக் கடைசியில் தோண்டியபோது புது வேர்களில் முடிச்சு பிடித்திருந்தது. கீறினால் சிவப்பு. அப்பா செயலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் என் அறிக்கையில் ஒரு வரி சேர்த்துத் திருத்திவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வேலி மசால் பசேலென்று ஆன பிறகும் பக்கத்துப் புல் மஞ்சளாகவே நின்றது. முடிச்சு வேலை செய்கிறது, புல்லுக்கு ஏன் வரவில்லை? அன்று ராத்திரி எக்செல்லில் உட்கார்ந்தேன். ஆவணியிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கு.

ஐம்பது சென்ட்டில் கால் பங்கு வேலி மசால். வருடத்துக்கு மூன்று டன் பச்சைத்தழை கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். உலர்ந்தால் முக்கால் டன். நன்றாக முடிச்சு பிடித்த பயறு வகை, ஒரு டன் உலர்தழைக்குச் சுமார் 20 கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆக 15 கிலோ. நல்ல அளவுதான், முக்கால் மூட்டை யூரியா. ஆனால் அந்த முக்கால் டன் தழையில் இருக்கும் மொத்த நைட்ரஜன் 21 கிலோ. அதை முழுக்க அறுத்து மாட்டுக்குக் கொண்டுபோகிறோம். காற்றிலிருந்து வந்த 15 கிலோவும் போகிறது, அதோடு மண்ணிலிருந்து 6 கிலோவும் போகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரிலும் உதிர்ந்த இலையிலும் இருப்பது மட்டும். முடிச்சு குழாய் மாதிரி பக்கத்துப் புல்லுக்கு ஊற்றுவதில்லை. செய்த அம்மோனியாவைச் செடியே புரதமாக்கி வைத்துக்கொள்கிறது, செத்து மக்கினால்தான் அடுத்த வேருக்குக் கிடைக்கும்.

இன்னொரு பக்கம் புல். முக்கால் பங்கு நிலத்தில் வருடம் முப்பது டன், உலர்ந்தால் ஆறு டன், அதில் நைட்ரஜன் சுமார் 85 கிலோ. ஏறக்குறைய நாலு மூட்டை யூரியா. அப்பா ‘அறுப்புக்கு அரை மூட்டை’ என்று கைப்பழக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தது இதே நாலு மூட்டைதான். நான் அதை நிறுத்தச் சொல்லி, அதன் இடத்தில் வைத்தது வீட்டுக்குப் போய்விடும் 15 கிலோ.

எங்கே தவறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. நான் எடுத்த எண்கள் நியூசிலாந்து மாதிரி இடங்களின் குளோவர் மேய்ச்சல் நிலங்களுடையவை. அங்கே மாடு நிலத்திலேயே நிற்கிறது. தின்னும் நைட்ரஜனில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் சாணமாகவும் மூத்திரமாகவும் அதே புல்லின் மேல் விழுகிறது. நம் ஊரிலும் அப்படி ஒன்று உண்டு, காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயறு மாதிரிக் கொடிகளும் வெள்வேல் மரமும். மாடு உள்ளேயே மேய்கிறது, அங்கேயே போடுகிறது. பயறு பிடித்தது மாட்டின் வழியாகத்தான் புல்லுக்குப் போய்ச் சேருகிறது. ஆயா காலத்தில் நெல்லுக்கு முன் கொழுஞ்சி போட்டதும் இந்தக் கணக்கில்தான். மாடு அதை அவ்வளவாகத் தொடாது, அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள், பிடித்தது எல்லாம் நிலத்திலேயே. நாங்களோ அறுத்துச் சுமக்கிறவர்கள். எங்கள் மாடு கொட்டகையில் இருக்கிறது, ஆகவே எங்கள் நைட்ரஜனும் கொட்டகையில்.

பாலில் எவ்வளவு போகிறது என்று பார்த்தேன். லிட்டருக்கு 5 கிராம். இரண்டு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்குப் பதினாறு லிட்டர், முந்நூறு நாள் கறவை என்றால் 24 கிலோ. புல்லிலும் மசாலிலுமாகத் தின்றது நூற்றுச் சொச்சம். மிச்சம் எண்பது கிலோவுக்கு மேல் பின்பக்கமாக வருகிறது, புண்ணாக்கில் வருவது தனி. அதில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்.

மறுநாள் விடியற்காலையில் அப்பாவோடு கொட்டகைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. அப்பா வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். முப்பத்தோரு வருடம் அந்த வாசனைக்குப் பயந்து வேலை பார்த்தவர். “டேய், இது சிலிண்டர் வால்வு லீக் ஆன வாசனைடா” என்றார். தினமும்தான் முகர்ந்திருக்கிறார், மாட்டுக் கொட்டகை என்றால் இப்படித்தான் என்று விட்டிருக்கிறார்.

மாட்டு மூத்திரத்திலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாதான், மூட்டையில் வரும் அதே பொருள். தரையிலுள்ள சாணத்தின் நுண்ணுயிர்கள் அதைச் சில மணி நேரத்திலேயே உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். காற்றிலிருந்து முடிச்சு அத்தனை சிரமப்பட்டு இறக்கியது மறுபடி காற்றுக்கே ஏறிக்கொண்டிருந்தது. ஏறாதது கழுவும் தண்ணீரோடு தெருச் சாக்கடைக்குப் போனது.

அப்பாவுக்கு இப்போது கணக்கு தேவைப்படவில்லை. ஒரே வாரத்தில் கொட்டகைத் தரைக்குச் சாய்வு கொடுத்துச் சிமென்ட் போட்டார், மூலையில் உறை இறக்கி மூடி போட்டார். காலையும் மாலையும் அதைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துப் புல் வரிசைக்கு மட்டும் விடுகிறார். விட்ட கையோடு பாசனம், இல்லாவிட்டால் மண்ணின் மேலேயே ஆவியாகிவிடும். மசால் வரிசைக்கு ஒரு சொட்டு போகக்கூடாது என்பதில் பிடிவாதம், போனால் அது மறுபடி சோம்பேறியாகிவிடும். சாணத்தை வெயிலில் பரப்பாமல் குழியில் மூடி மக்கவைக்கிறார். ஆடிக்குள் புல் கறுத்துவிட்டது. யூரியா நின்றுவிடவில்லை. இந்த வருடம் இரண்டு மூட்டை வாங்கியிருக்கிறோம், நாலுக்குப் பதில். பால் வடிவில் காக்களூர் ஆவின் பக்கம் போகும் 24 கிலோவையும், நாங்கள் எவ்வளவு மூடினாலும் பறந்துவிடுவதையும் யாராவது ஈடுகட்ட வேண்டுமே. ஒரு பங்கு மசாலின் முடிச்சு, மிச்சம் மூட்டை.

புதிய அறிக்கை ஒரு பக்கம்தான். வேர்முடிச்சைத் தோண்டுவது எப்படி, என்ன நிறம் பார்ப்பது, எந்தப் பொட்டலம் எந்தப் பயிருக்கு, மூத்திரக் குழிக்கு என்ன செலவு. செயலாளர் படித்துவிட்டு, “போன தடவை இருந்த மாதிரி இல்லையே தம்பி, அது நல்லா இருந்துச்சு” என்றார். பழைய அறிக்கையைக் கேட்டு யூரியாவை நிறுத்திய வேறு இரண்டு பேரின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இன்னொருவர் மாட்டை விற்றுவிட்டார் என்றார்கள். காரணம் அதுதானா என்று கேட்க நான் இன்னும் போகவில்லை.

போன வாரம் அப்பா கூப்பிட்டார். மசால் இடுப்பு உயரம் வந்துவிட்டதாம். “இந்த அறுப்பை மாட்டுக்குப் போடாம புல்லுக்கே மூடாக்கா போட்டுப் பாக்கட்டுமா? மண்ணுல கொஞ்சம் நிக்கும் இல்ல?” நிற்கும் என்றேன். ஆனால் நாற்பது நாள் பசுந்தழை இல்லாமல் போனால் அதன் புரதத்துக்குப் புண்ணாக்கு கூடுதலாக வாங்க வேண்டும், அது யூரியாவைவிட விலை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒரே ஒரு வரிசை மட்டும் விட்டுப் பாக்கறேன்” என்று வைத்துவிட்டார்.